ஷெங்கன் 90/180: திரும்பும் தேதியை எவ்வளவு முன்னே கொண்டுவந்தாலும் 91 என்றே காட்டுகிறது

வைகைக்கரை | மார்ச் 14, 2026, காலை 9.10

வணக்கம். என் அப்பா அம்மாவின் பயணத்துக்காக எழுதுகிறேன். இருவரும் மதுரையில் இருக்கிறார்கள், இந்திய பாஸ்போர்ட். தங்கை கணவருடன் மியூனிக்கில் இருக்கிறாள். ஜெர்மனி இவர்களுக்கு ஓராண்டு ஷெங்கன் விசா கொடுத்திருக்கிறது, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. பலமுறை போய்வரலாம். 2026 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை செல்லும். தங்கும் நாள்கள் என்ற இடத்தில் 90 என்று அச்சிட்டிருக்கிறார்கள், அதாவது 180 நாளுக்குள் 90.

தங்கைக்கு மசக்கை கடுமையாக இருந்ததால் ஜனவரி 10 அன்று போய் பிப்ரவரி 28 அன்று திரும்பினார்கள். மொத்தம் 50 நாள். பிரசவம் ஜூன் நடுவில் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனவே மே 29 போய் ஆகஸ்ட் 26 திரும்பலாம் என்று திட்டம். அதுவும் எண்ணிப் பார்த்தால் சரியாக 90 நாள்.

செல்போனில் ஒரு கணக்குச் செயலியில் இந்தத் தேதிகளைப் போட்டேன். 91 என்று சிவப்பில் காட்டியது. ஒரு நாள்தானே அதிகம், ஆகஸ்ட் 25 என்று மாற்றினேன். மறுபடியும் 91. ஆகஸ்ட் 15 என்றேன், 91. ஜூலை 20 என்றேன், அப்போதும் 91. ஒரு மாதத்துக்கு மேல் குறைத்தும் ஒரு நாள்கூடக் குறையவில்லை என்றால் செயலியில்தான் கோளாறா, இல்லை நான் எதையாவது தவறவிட்டேனா?

பழைய பயணி | மார்ச் 14, காலை 10.02

செயலியை எல்லாம் நம்பாதீர்கள் தம்பி. கணக்கு எளிது. முதல் முறை உள்ளே போன தேதியிலிருந்து ஆறு மாதம். அதற்குள் மொத்தம் 90 நாள். ஜனவரி 10 போனார்கள் என்றால் ஜூலை 9 வரை ஒரு கணக்கு. அதில் 50 போய்விட்டது, மீதி 40. ஜூலை 9க்குப் பிறகு புதுக் கணக்கு தொடங்கும், மறுபடி முழு 90 நாள். நான் 2011இல் பிரான்சும் இத்தாலியும் இப்படித்தான் போய்வந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லைக்கோடு | மார்ச் 14, காலை 11.35

வைகைக்கரை, உங்கள் செயலி சரியாகத்தான் சொல்கிறது. ஐயா சொன்ன முறையும் ஒரு காலத்தில் இருந்ததுதான். முதல் நுழைவிலிருந்து ஆறு மாதம், அதற்குள் மூன்று மாதம் என்று எண்ணினார்கள். 2013 அக்டோபர் 18 முதல் அது போய்விட்டது. இப்போது தொடக்கத் தேதி என்று ஒன்று கிடையாது. ஜனவரி 10க்கும் தனி மரியாதை இல்லை, ஜூலை 9க்கும் இல்லை.

இப்போதைய விதி இதுதான். அவர்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த நாளையும் அதற்கு முந்தைய 179 நாளையும் சேர்த்தால் 180. அந்த 180க்குள் எத்தனை நாள் ஷெங்கன் நாடுகளில் இருந்தார்கள் என்று எண்ண வேண்டும். 90ஐத் தாண்டக் கூடாது. அந்த 180 நாளைப் படத்தைச் சுற்றியிருக்கும் சட்டம்போல நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தச் சட்டம் ஒரு நாள் முன்னால் நகரும். வலப்பக்கம் ஒரு புது நாள் உள்ளே வரும், இடப்பக்கம் ஒரு பழைய நாள் வெளியே போகும்.

உங்கள் 91 எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். மே 29 போனால் ஜூலை 7 அன்று 40 நாள் ஆகியிருக்கும். அன்றைய சட்டம் ஜனவரி 9இல் தொடங்குகிறது, எனவே பழைய 50 நாளும் அதற்குள் இருக்கின்றன. 50ம் 40ம் 90. இதுவரை குற்றமில்லை. ஜூலை 8 அன்று சட்டம் ஜனவரி 10இல் தொடங்கும். பழைய 50 அப்படியே இருக்கிறது, புதிது 41. மொத்தம் 91. அன்றே விதி மீறியாகிவிட்டது.

ஜூலை 9 முதல் ஒவ்வொரு நாளும் பழைய கணக்கில் ஒரு நாள் கழிகிறது, புதுக் கணக்கில் ஒரு நாள் ஏறுகிறது. மேலே குழாயில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவே அடியில் ஒழுகிப் போகும் தொட்டியைப் போல மட்டம் அப்படியே நிற்கும். அதனால்தான் ஜூலை 20 என்றாலும் ஆகஸ்ட் 15 என்றாலும் உங்களுக்கு 91 வருகிறது. திரும்பும் தேதியைக் குறைத்துப் பயன் பெற வேண்டுமானால் ஜூலை 7 வரை குறைக்க வேண்டும். அது ஒரு வழி, ஆனால் உங்களுக்கு வேண்டாத வழி.

போகும் தேதியை ஒரே ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். மே 29க்குப் பதில் மே 30.

வைகைக்கரை | மார்ச் 14, பகல் 12.20

போட்டுப் பார்த்தேன். மே 30 முதல் ஆகஸ்ட் 27 வரை என்றால் பச்சை காட்டுகிறது! 29ஆம் தேதி போனால் 40 நாள்தான் இருக்க முடியும், 30ஆம் தேதி போனால் 90 நாள் இருக்கலாம் என்றால் நம்பவே முடியவில்லை. ஒரு நாளுக்கு 50 நாள் வித்தியாசமா? இது ஏதாவது ஓட்டையா? எல்லையில் இருக்கும் அதிகாரி இதை ஏற்றுக்கொள்வாரா?

எல்லைக்கோடு | மார்ச் 14, பகல் 12.58

ஓட்டை இல்லை, விதியே அப்படித்தான். மே 30 போனால் ஜூலை 8 அன்று பழையது 50, புதிது 40. மொத்தம் 90இல் நின்றுவிடுகிறது. மறுநாளே ஜனவரி 10 சட்டத்தை விட்டு வெளியேறுகிறது. அதன் பிறகு ஏற்றமும் இறக்கமும் சமம், 90லேயே ஓடும். ஆகஸ்ட் 27 அன்று பழைய பயணத்தின் கடைசி நாளான பிப்ரவரி 28ம் கழிந்துவிடும். அதன் பிறகு கழிய எதுவும் இல்லாததால் ஆகஸ்ட் 28 அன்று 91. ஆகவே 27தான் கடைசி நாள். எல்லையில் இருப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஐரோப்பிய ஆணையமே தன் இணையதளத்தில் இதற்கென ஒரு கணிப்பான் வைத்திருக்கிறது. செயலியோடு நிறுத்தாமல் அதிலும் ஒரு முறை சரிபாருங்கள்.

பழைய பயணி ஐயா சொன்ன ஜூலை 9க்கும் இங்கே தெரியும் ஜூலை 9க்கும் உறவு இருக்கிறது, அதனால்தான் பலருக்குக் குழப்பம். தேதி ஒன்றுதான். ஆனால் அன்று புதுக் கணக்கு எதுவும் தொடங்குவதில்லை. பழைய 50 நாளில் ஒன்று மட்டும் கழிகிறது, அவ்வளவே.

பழைய பயணி | மார்ச் 14, பிற்பகல் 1.30

சரி, விதியை மாற்றிவிட்டார்கள் என்றால் மாற்றிவிட்டார்கள். பழைய முறையில் ஒரு பாமரனுக்கும் புரியும். இப்போது விசா வாங்குவதற்கு முன் பஞ்சாங்கம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கும்பகோணம் ஆடிட்டர் | மார்ச் 14, பிற்பகல் 3.15

நாள் கணக்கில் தவறு செய்யாதீர்கள். ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தாலே நீங்கள் இங்கே குடியிருப்பவர் என்று வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும், வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வந்துவிடலாம். என் கட்சிக்காரர் ஒருவர் துபாயிலிருந்து அடிக்கடி வந்துபோய் இதில் மாட்டிக்கொண்டார். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எல்லைக்கோடு | மார்ச் 14, பிற்பகல் 3.40

ஆடிட்டர் ஐயா, இவர் கேட்பது வரிக் கணக்கு இல்லை, ஐரோப்பாவில் தங்கும் விசாக் கணக்கு. ஆனால் நீங்கள் சொன்னது நல்ல ஒப்பீடாக அமைந்துவிட்டது. வரிக்கு ஏப்ரல் 1 என்று ஒரு கோடு இருக்கிறது. மார்ச் 31 நள்ளிரவோடு பழைய எண்ணிக்கை அழிந்து பூஜ்ஜியமாகும். ஷெங்கனில் எந்தத் தேதியிலும் எண்ணிக்கை மொத்தமாக அழிவதில்லை. தொடர்ச்சியாக 90 நாள் வெளியே இருந்தால்தான் புதிதாக ஒரு முழு 90 உறுதியாகக் கிடைக்கும். அதற்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் நாள்வாரியாகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

செயலி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு விரிதாள் போதும். ஏ பத்தியில் நுழைந்த தேதி, பி பத்தியில் வெளியேறிய தேதி, ஒரு வரிக்கு ஒரு பயணம். எந்த நாளைச் சோதிக்கிறீர்களோ அதை இ1 கட்டத்தில் போடுங்கள். சி2 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்துவிட்டு, சி பத்தியைக் கூட்டினால் அந்த நாளின் எண்ணிக்கை வரும்.

```
=MAX(0,MIN(B2,$E$1)-MAX(A2,$E$1-179)+1)
```

இதில் பலர் தவறுவது இரண்டு இடங்களில். 179க்குப் பதில் 180 என்று போட்டுவிடுவார்கள், சட்டம் 181 நாளாகிவிடும். அடுத்தது, திரும்பும் நாளை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நடுவில் ஒரு வாரம் எல்லை தாண்டிவிட்டுப் பிறகு இறங்கும் கணக்குகளும் உண்டு. எனவே தங்கப்போகும் எல்லா நாளையும் இ1இல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சுந்தரி ஹாம்பர்க் | மார்ச் 14, மாலை 5.05

கணக்கு எல்லாம் சரி, ஆனால் அந்த ஜனவரி 10ம் பிப்ரவரி 28ம் எங்கிருந்து எடுத்த தேதிகள் தம்பி? டிக்கெட்டிலிருந்து எடுத்திருந்தால் முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் போகும் விமானம் நள்ளிரவு தாண்டித்தான் புறப்படும். வீட்டில் எல்லோரும் "9ஆம் தேதி ராத்திரி கிளம்பினார்கள்" என்று சொல்வார்கள், முத்திரையில் 10 என்று இருக்கும்.

நுழைவு முத்திரை நேர்மூலைச் செவ்வகமாக இருக்கும், வெளியேறும் முத்திரையின் மூலைகள் வளைந்திருக்கும். இரண்டிலும் இடது மேல்மூலையில் நட்சத்திர வளையத்துக்குள் நாட்டின் எழுத்து, இன்னொரு மூலையில் விமானமோ ரயிலோ கப்பலோ, நடுவில் தேதி, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. மை மங்கலாக இருந்தால் 18ஆ 28ஆ என்று எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் இடைவெளிகூட இல்லாத உங்கள் திட்டத்தில் ஒரு முத்திரை மாறினாலும் கதை மாறிவிடும்.

இன்னொன்று. நுழைந்த நாளும் கணக்கு, வெளியேறிய நாளும் கணக்கு. இரவு 11.50க்கு நுழைவு முத்திரை வாங்கினாலும் அது ஒரு முழு நாள். எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

யாழ்மைந்தன் லண்டன் | மார்ச் 14, இரவு 8.22

நானும் இதே கணக்கில் சிக்கியவன்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 2021 தொடக்கத்திலிருந்து எங்களுக்கும் இந்த 90 நாள் விதி வந்துவிட்டது. அக்கா பாரிஸில் லா சப்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறார், வயதானவர். வெள்ளி மாலை வேலை முடித்து ரயில் ஏறுவேன், ஞாயிறு இரவு திரும்புவேன். இரண்டு இரவு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். வருடத்தில் 45 வார இறுதி போனாலும் 90 நாள் என்று என் கணக்கு. சரிதானே?

வைகைக்கரை தம்பிக்கு ஒரு யோசனை. அப்பா அம்மாவை ஜூலையில் ஒரு நாள் லண்டனுக்குக் கூட்டி வந்துவிட்டுப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்கும் அல்லவா?

எல்லைக்கோடு | மார்ச் 14, இரவு 9.10

அண்ணா, எண்ண வேண்டியது இரவை இல்லை, தேதியை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று தேதி. ஒரு வார இறுதிக்கு மூன்று நாள். ரயிலில் போகிறவர்களுக்கு இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் லண்டன் செயின்ட் பங்கராஸ் நிலையத்திலேயே உங்களைச் சோதித்துவிடுகிறார்கள். ரயில் பாரிஸுக்கு எத்தனை மணிக்குப் போனாலும் உங்கள் நுழைவு வெள்ளிக்கிழமைதான்.

அதே சமயம் 90 என்பது வருடத்துக்கு இல்லை, எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90. 180 நாளில் 26 வார இறுதிகள் வரும். எல்லா வாரமும் போனாலும் 78. எனவே எண்ணும் முறை தவறாக இருந்தும் நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். அக்காவுடன் ஒரு கோடை விடுமுறை மூன்று வாரத்துக்கு மேல் சேர்ந்து இருந்தால் அப்போது இடிக்கும்.

லண்டன் யோசனைக்கு வருகிறேன். ஒரு நாள் வெளியே போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது ஊரெல்லாம் சொல்லப்படும் பொய். எதுவும் தொடங்காது. ஆனால் வேடிக்கை பாருங்கள், இவருடைய பழைய திட்டத்தில் அது வேலை செய்யும். மே 29 போய், ஜூலை 7 அன்று வெளியேறி, 8 முழுவதும் வெளியே இருந்துவிட்டு, 9 அன்று மறுபடி நுழைந்தால் பழையது 49, புதிது 41. மொத்தம் 90. ஜூலை 8 என்ற ஒரே ஒரு முள் நாளைத் தாண்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 27 வரை ஓடும். காரணம் புதுக் கணக்கு இல்லை, அந்த ஒரு நாளை அவர்கள் செலவழிக்காததுதான். 7 போய் 8 திரும்பினால் பயனில்லை, இரண்டு தேதியும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

ஆனால் இரண்டு பெரியவர்களுக்கும் பிரிட்டன் விசா வாங்கி, விமான டிக்கெட் எடுத்து, கைக்குழந்தை வீட்டை விட்டு அலைய வைப்பதற்குப் பதில் மதுரையில் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போகலாம்.

வைகைக்கரை | மார்ச் 15, காலை 7.45

பாஸ்போர்ட்டைப் பார்த்தேன் அக்கா. நுழைவு பிராங்க்பர்ட்டில், ஜனவரி 10 தெளிவாக இருக்கிறது. வெளியேறியது மியூனிக்கிலிருந்து வளைகுடா வழி விமானம், இரவு 10 மணிக்கு மேல் புறப்பட்டது. முத்திரை பிப்ரவரி 28.

இந்த முறை மே 30 டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 90லேயே ஓடுவது வயிற்றைக் கலக்குகிறது. திரும்பும்போது விமானம் தாமதமாகி நள்ளிரவு தாண்டினால் என்ன ஆகும்?

சுந்தரி ஹாம்பர்க் | மார்ச் 15, காலை 9.30

குடியேற்றச் சோதனையைத் தாண்டிய தேதிதான் பேசும், விமானம் பறந்த நேரம் இல்லை. 11 மணிக்கு முத்திரை வாங்கிவிட்டு விமானம் 1 மணிக்குப் புறப்பட்டால் பழைய தேதியே நிற்கும். முத்திரை வாங்கிய பிறகு விமானமே ரத்தாகி உங்களை ஊருக்குள் திருப்பி அனுப்பினால்தான் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இது நடந்தது. வெளியேறும் முத்திரையை அடித்து ரத்து செய்து உள்ளே விட்டார்கள், மறுநாள் மறுபடி முத்திரை. அந்த நாளும் எண்ணிக்கையில் சேர்ந்தது. விமான நிறுவனத்திடம் ரத்துக்கான கடிதத்தை எழுதி வாங்கி வைத்திருந்ததால் தொந்தரவு வரவில்லை.

பிராங்க்பர்ட் வழியாகத் திரும்பினால் வெளியேறும் சோதனை மியூனிக்கில் இல்லை, பிராங்க்பர்ட்டில். அங்கே இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு இரவு தங்கினால் அதுவும் ஜெர்மனியில் தங்கிய நாள். வளைகுடா வழி என்றால் மியூனிக்கிலேயே முடிந்துவிடும். வயதானவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எல்லைக்கோடு | மார்ச் 15, காலை 10.15

சுந்தரி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜூன் 1 போகட்டும். ஜூலை 8 அன்று பழையது 50, புதிது 38, மொத்தம் 88. அதன் பிறகு ஆகஸ்ட் 27 வரை 88லேயே நிற்கும். 28 அன்று 89, 29 அன்று 90. ஆகஸ்ட் 27க்கு டிக்கெட் போட்டால் விமானம் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் விதிக்குள் இருப்பீர்கள். பிரசவம் ஜூன் நடுவில் என்றால் மே 30க்கும் ஜூன் 1க்கும் தங்கைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. குழந்தை முந்திக்கொண்டால் வேறு விஷயம், அதற்கு விசா அதிகாரி பொறுப்பில்லை.

மருத்துவக் காப்பீட்டையும் அந்தக் கடைசி 29 வரை எடுத்துவிடுங்கள். டிக்கெட் தேதியோடு நிறுத்தாதீர்கள்.

முன்பெல்லாம் முத்திரைப் பக்கங்களைப் புரட்டி அதிகாரி மனக்கணக்காகப் பார்ப்பார், ஒரு நாள் இரண்டு நாள் கண்ணில் படாமல் போகும். 2025 அக்டோபர் 12 முதல் நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவருகிறார்கள். வருகிற ஏப்ரல் 10 முதல் எல்லா வெளி எல்லைகளிலும் முழுமையாக என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் பெற்றோர் போகும்போது எண்ணுவது இயந்திரம்தான். ஒரு நாள் கூடினாலும் அது பதிவாகும். அபராதமா, எச்சரிக்கையா, நுழைவுத் தடையா என்பது அந்தந்த நாட்டின் சட்டம். அடுத்த விசா விண்ணப்பத்தில் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

ஐந்தோவன் பொறியாளர் | மார்ச் 15, பகல் 12.40

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் நெதர்லாந்தில் வேலை செய்கிறேன், அந்த நாட்டுக் குடியிருப்பு அட்டை இருக்கிறது. மனைவி மியூனிக்கில் வேலை, அவருக்கு ஜெர்மன் அட்டை. மாதத்தில் பாதி நாள் ரயிலில் போய் அங்கே இருக்கிறேன், வீட்டிலிருந்தே வேலை. அட்டை இருப்பதால் எனக்கு இந்த 90 நாள் கணக்கு கிடையாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

எல்லைக்கோடு | மார்ச் 15, பிற்பகல் 1.25

பாதி உண்மை. நெதர்லாந்தில் இருக்கும் நாள்கள் உங்களுக்குக் கணக்கில் வராது, அங்கே அட்டை பேசும். ஜெர்மனியிலும் மற்ற ஷெங்கன் நாடுகளிலும் இருக்கும் நாள்களுக்கு அதே 90/180 உண்டு. மாதத்தில் 15 நாள் என்றால் ஆறு மாதத்தில் 90ஐத் தொட்டுவிடுவீர்கள். ரயில் காலையில் கிளம்பினாலும் மாலையில் கிளம்பினாலும் இரண்டு முனைத் தேதிகளும் சேரும். அதோடு, தங்க அனுமதி வேறு, வேலை செய்ய அனுமதி வேறு. ஜெர்மனியில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை செய்வதை ஒரு நல்ல வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுந்தரி ஹாம்பர்க் | மார்ச் 15, பிற்பகல் 2.10

விதி அப்படியே இருக்கட்டும். ஆனால் நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் முத்திரையே இல்லையே, யார் எண்ணுவது? என் அலுவலகத்தில் இப்படிப் பல பேர் போய்வருகிறார்கள், ஒருவரையும் யாரும் கேட்டதில்லை.

எல்லைக்கோடு | மார்ச் 15, பிற்பகல் 2.50

கேட்டதில்லை என்பது ஒரு காலத்துக்குச் சரி. ஜெர்மனி 2024 செப்டம்பர் நடுவிலிருந்து எல்லா நிலஎல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்து நீட்டித்துக்கொண்டே வருகிறது. ரயிலில் ஏறிப் பார்க்கிறார்கள். அதில் முத்திரை விழாது, கணக்கும் ஏறாது. ஆனால் "எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள்" என்ற கேள்வி வந்தால் பதில் வேண்டும்.

ஐந்தோவன் பொறியாளர் | மார்ச் 15, பிற்பகல் 3.30

பதில் சொல்கிறேன், அதற்கு ஆதாரம் என்ன காட்டுவது? ரயில் டிக்கெட் நான் போனதைக் காட்டும், திரும்பியதைக் காட்டுமா? மாதாந்திர அட்டையில் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

சுந்தரி ஹாம்பர்க் | மார்ச் 15, பிற்பகல் 3.48

நெதர்லாந்தில் கடையில் அட்டை தேய்த்த ரசீது, அலுவலக வாயிலில் பதிவான வருகை, இவற்றைக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எடுபட்டதா என்று தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

எல்லைக்கோடு | மார்ச் 15, மாலை 4.20

என் அனுபவத்தில் அதிகாரிக்கு அதிகாரி மாறுகிறது. ஒருவர் அலுவலக வருகைப் பதிவைப் பார்த்ததும் விட்டுவிட்டார், இன்னொருவர் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார். இதற்கு ஒரே விடை இல்லை.

வைகைக்கரை | மார்ச் 15, இரவு 7.15

ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 27 வரை டிக்கெட் போட்டுவிட்டேன், வளைகுடா வழி. தங்கையிடம் சொன்னதும் அப்பா அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டார். குழந்தையின் முதல் தீபாவளிக்கு அங்கே இருக்க வேண்டுமாம். நவம்பர் 8. நடுவில் இரண்டரை மாதம் இங்கே இருக்கிறார்களே, முடியாதா?

எல்லைக்கோடு | மார்ச் 15, இரவு 8.05

இரண்டு நாள் போகலாம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 27 வரை 88 நாள். நவம்பர் 8 அன்று அந்த 88ம் சட்டத்துக்குள் அப்படியே இருக்கும். 8 இறங்கி 9 திரும்ப வேண்டும்.

ஜூன் 1 கழிவது நவம்பர் 28 அன்று. எனவே தீபாவளிக்குப் போகாமல் நவம்பர் 26 இறங்கினால் 89, 27 அன்று 90, 28 முதல் ஒன்று கழிய ஒன்று ஏறும். நீண்ட நாள் தங்கலாம். 25 அன்று இறங்கினால் 27 அன்றே 91, பழைய கதைதான். ஆனால் விசா டிசம்பர் 31 வரைதான் செல்லும். 90 நாள் கையில் மீதி இருந்தாலும் அந்தத் தேதிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

பழைய பயணி | மார்ச் 15, இரவு 8.40

தீபாவளிக்கு இரண்டு நாள் போய்வருவதற்கு ஆகும் டிக்கெட் காசில் அந்தக் குழந்தையை மதுரைக்கு அழைத்து வந்துவிடலாம். அதற்கு இந்திய பாஸ்போர்ட் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

சுந்தரி ஹாம்பர்க் | மார்ச் 15, இரவு 9.05

பிறந்ததும் மியூனிக் இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிறகு குழந்தைக்கு ஜெர்மன் குடியிருப்பு அட்டையும் வாங்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும்போது குழந்தைக்கும் விசா கேட்பார்கள். இரண்டுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் முதல் படி.